கோணியும் சாக்கும்: திண்டுக்கல் சமவெளியின் தானியச் சாக்கில் எடையும் முத்திரையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தின் உள்நாட்டுச் சந்தைகளில் தானியம் நிரப்பப் பயன்பட்ட கோணி, உள்ளூர்ச் சணப்பு நாரிலிருந்து கையால் செய்யப்பட்ட பொருளாக இருந்து, வங்கத்துச் சணல் ஆலைகளில் வரையறுத்த அளவோடும் எடையோடும் செய்யப்படும் சாக்காக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. குஜிலியம்பாறையை உள்ளடக்கிய திண்டுக்கல் சமவெளியை நோக்குநிலையாகக் கொண்டு, சொல்வழக்கு, ஆலைத் தரவரையறை, சாக்கின் மேல் இடப்படும் அச்சு முத்திரை ஆகிய மூன்றையும் சான்றுகளாக எடுத்துக்கொள்கிறது. சாக்கின் வெற்றெடை காலந்தோறும் மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தின் சுமை சில வேளைகளில் சுமைப்பணியாளரின் தோளிலும், சில வேளைகளில் துணியின் ஆயுளிலும், சில வேளைகளில் உழவரின் நெல்லிலும் விழுந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கோணி, சாக்கு, சணப்பு, சணல், வெற்றெடை, அச்சு முத்திரை, திண்டுக்கல், குஜிலியம்பாறை.

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில், கரூர் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குஜிலியம்பாறை. மழையை நம்பிய மானாவாரி நிலம் மிகுந்த பகுதி இது. காவிரிப் படுகையைப் போல நெல் பெருகும் நிலமன்று. ஆகவே இவ்வூர்ப் பக்கத்துக்குச் சாக்கு இரு வழிகளில் வந்து சேர்கிறது. நியாயவிலைக் கடைக்கு வரும் அரிசி, வெளியூரில் நிரப்பப்பட்டு, அரசு நிறுவனத்தின் முத்திரையுடன் சணல் சாக்கில் வருகிறது. சோளம், கம்பு, நிலக்கடலை போன்ற உள்ளூர் விளைச்சலோ, பலமுறை கைமாறிய பழைய சாக்குகளில் நிரம்பி வெளியே செல்கிறது. ஒரே பொருளின் இரு வாழ்வுகளையும் அருகருகே காண இயலும் என்பதால், சாக்கின் வரலாற்றை ஆராய இத்தகைய வறள்நிலப் பகுதி ஏற்ற களமாகிறது.

தமிழக வேளாண் வரலாற்றைக் குறித்த ஆய்வுகள் நிலவுரிமை, நீர்ப்பாசனம், வரி ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. முகத்தலளவைகளான படி, மரக்கால், கலம் ஆகியவற்றைக் குறித்தும் செய்திகள் உள. ஆனால் விளைச்சல் எந்தப் பையில் இடப்பட்டது, அந்தப் பையின் எடையை யார் முடிவு செய்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. எடைபோட்டு விற்கும் காலத்தில் இவ்வினாக்கள் நேரடியாகப் பணத்தைத் தொடுபவை. தராசின் மேல் வைக்கப்படும் மூட்டையில் தானியத்தோடு சாக்கும் இருக்கிறது. சாக்கின் எடை எவ்வளவு எனக் கழிக்கிறோமோ, அதைப் பொறுத்தே தானியத்தின் எடை அமைகிறது.

1. மூன்று சொற்கள், மூன்று அடுக்குகள்

இன்று தமிழில் இப்பொருளைக் குறிக்கக் கோணி, சாக்கு என்னும் இரு சொற்களும், அதன் நாரைக் குறிக்கச் சணல் என்னும் சொல்லும் வழங்குகின்றன. இம்மூன்றும் ஒரே காலத்தவை அல்ல.

கோணி என்பது மிகப் பழைய சொல். பாணினியின் அட்டாத்தியாயியில் (4.1.42) கோணீ என்னும் சொல் தானியம் முதலியவற்றை இடும் பையைக் குறிக்கும் பொருளில் இடம்பெறுகிறது. இந்திய மொழிகள் பலவற்றிலும் வழங்கிய இச்சொல்லே ஐரோப்பிய வணிகரின் நாவில் 'கன்னி' என்றாகி, ஆங்கிலத்தில் சணல் சாக்கைக் குறிக்கும் பெயராக நிலைத்தது. சாக்கு என்பதோ ஐரோப்பியத் தொடர்பின்வழி தமிழுக்கு வந்த சொல். ஆக, நம் சொல் அங்கே சென்றது. அவர்கள் சொல் இங்கே வந்தது. சொற்கள் இடம் மாறிய அதே காலத்தில் பொருளும் மாறியது என்பது கருதத்தக்கது.

பேச்சுவழக்கில் இன்றும் ஒரு நுட்பமான தடம் எஞ்சியுள்ளது. மூட்டையின் வாயைத் தைக்கும் நீண்ட, தடித்த ஊசிக்குக் கோணி ஊசி என்றே பெயர். அதில் கோக்கும் நூலுக்குச் சணல் என்று பெயர். தைக்கப்படும் பை பெரும்பாலும் சாக்கு என்றே அழைக்கப்படுகிறது. பையின் பெயர் மாறியபின்னும் கருவியின் பெயர் மாறாமல் நின்றுவிட்டது.

கோணி என்பது பை மட்டுமன்றிச் சுமையின் வடிவமாகவும் இருந்தது. வண்டிப்பாதை இல்லாத இடங்களில் தானியமும் உப்பும் பொதிமாடுகளின் முதுகில் சென்றன. இருபுறமும் சமமாகத் தொங்குமாறு பைகளை ஏற்றினால்தான் மாடு தளராமல் நடக்கும். அச்சுமையே பொதி எனப்பட்டது. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே அமைந்த பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டு வணிகக்குழுக் கல்வெட்டு, பல்வேறு சரக்குகளின் மீது கோயிலுக்குத் தர வேண்டிய மகமையைப் பொதி முதலிய சுமை அளவுகளில் குறிப்பிடுகிறது. ஐந்நூற்றுவர் தொடர்பான கல்வெட்டுகள் சிலவற்றில் கருவிகளோடு பையின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. இங்குப் பொதி என்பது ஒரு விலங்கு சுமக்கக்கூடிய அளவு. அதனுள் இருந்த பையின் எடையைத் தனியே கழிக்கும் தேவை எழவில்லை. ஊர்ச் சந்தையில் தானியம் மரக்காலாலும் படியாலும் அளக்கப்பட்டதால், பை எவ்வளவு கனத்தாலும் அளவு மாறுவதில்லை.

2. சணப்பு: உள்ளூர் நார்

அக்காலக் கோணி எந்த நாரால் ஆனது என்னும் வினாவுக்கு மூன்றாவது சொல்லான சணல் விடை தருகிறது. இன்று சணல் என்றால் வங்கத்தில் விளையும் செடியின் நாரையே நினைக்கிறோம். ஆனால் தென்னகத்தில் இச்சொல்லோடு இணைந்திருந்த செடி சணப்பு. மஞ்சள் பூப்பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடி அது. வங்கச் சணல் முற்றிலும் வேறு குடும்பத்தது. பெயரொற்றுமையால் இவ்விரண்டும் நூல்களில் பலவிடத்தும் மயங்கியுள்ளன.

சணப்பு நாரைக்கொண்டு கோணி நெய்வது ஒரு தனித்தொழிலாகவே இருந்தது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மேற்பார்த்த டபிள்யூ. பிரான்சிஸ், சனப்பன் எனப்படும் பிரிவினர் சணப்பு நாரால் கோணிப்பைகள் செய்ததால் அப்பெயர் பெற்றனர் எனத் தோன்றுவதாகவும், தமிழில் அவர்கள் சலுப்பச் செட்டி எனப்பட்டனர் என்றும் குறிப்பிட்டுள்ளார். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு இக்குறிப்பை எடுத்தாள்கிறது. ஒரு பையின் பெயரும் அதன் நாரின் பெயரும் ஒரு மக்கள் பிரிவின் பெயராகும் அளவுக்கு அத்தொழில் வேரூன்றியிருந்தது.

சணப்பு நார் எடுக்கும் முறையில் அத்தொழிலின் எல்லையும் அடங்கியிருந்தது. ஏறக்குறைய மூன்று மாதங்கள் வளர்ந்த செடியை அறுத்து, கட்டுகளாகக் கட்டி, குளத்திலோ குட்டையிலோ சில நாள்கள் ஊறவைக்க வேண்டும். பட்டை இளகியபின் உரித்து, அடித்து, அலசி, உலர்த்த வேண்டும். ஊறல் குறைந்தால் பட்டை நாரோடு ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் நாரே அழுகி வலுவிழக்கும். பிறகு கையால் நூற்று, ஒடுங்கிய பட்டைகளாக நெய்து, பட்டைகளை இணைத்துத் தைத்தால் பை உருவாகும். குளத்தில் நீர் நிற்கும் காலமே நார் எடுக்கும் காலம் என்பதால், திண்டுக்கல் போன்ற மழை குறைந்த சமவெளியில் இத்தொழில் பெரும் அளவில் விரிய இயலவில்லை. பைக்குப் பை அளவும் எடையும் வேறுபட்டன. அளவை முகத்தலாக இருந்தவரை அந்த வேறுபாட்டால் எவருக்கும் இழப்பில்லை.

சணப்பு இன்றும் தமிழக வயல்களில் விதைக்கப்படுகிறது. ஆனால் நாருக்காக அன்று. பசுந்தாள் உரமாக, பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழப்படுகிறது. ஒருகாலத்தில் கோணிக்கு நார் தந்த செடி, நார் முற்றுவதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விடுகிறது.

3. வங்கத்துச் சாக்கின் வருகை

ஸ்காட்லாந்தின் டண்டி நகர நெசவாலைகள் 1830களில் வங்கச் சணலை எந்திரத்தில் நூற்கக் கற்றன. வறண்ட, முரட்டுத்தனமான அந்நாரைத் திமிங்கில எண்ணெயும் நீரும் கலந்து இளக்கிய பின்னரே எந்திரத்தில் இழுக்க முடிந்தது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரால் உருசிய நார்வரவு தடைப்பட்டதும் சணலின் தேவை உயர்ந்தது. 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ரிஷ்ராவில் ஜார்ஜ் ஆக்லண்டு இந்தியாவின் முதல் சணல் நூற்பாலையை நிறுவினார். நான்கு ஆண்டுகளில் விசைத்தறியும் அப்பகுதிக்கு வந்தது. வங்கத்தின் கைத்தறிக் கோணி அதன்பின் ஏற்றுமதிச் சந்தையில் நிலைக்கவில்லை.

திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குத் தென்னிந்திய இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டது. இருப்புப்பாதை சரக்கை எடையால் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கியது. பொதிமாட்டின் முதுகுக்கு ஏற்ற பை சரக்குப் பெட்டிக்குத் தேவைப்படவில்லை. அடுக்குவதற்கு ஏற்ற, ஒரே அளவான, நேர்விளிம்புகொண்ட பையே தேவைப்பட்டது. ஹூக்ளி ஆலைகள் அத்தகைய பையையே இலட்சக்கணக்கில் உருவாக்கின. கையால் நெய்த கோணி விலையால் மட்டும் தோற்கவில்லை. ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமையாலும் அது தோற்றது.

1947இல் நாடு பிரிந்தபோது சணல் விளைநிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் ஆலைகள் அனைத்தும் இந்தியாவிலும் அமைந்தன. அதன்பின் இந்தியாவிலேயே சணல் சாகுபடி விரிவாக்கப்பட்டது. ஆயினும் அது வங்கம், அஸ்ஸாம், பீகார் போன்ற ஈரநிலப் பகுதிகளைச் சுற்றியே நின்றது. மிகுந்த மழையும், அறுத்தபின் ஊறவைக்கப் பெருமளவு நீரும் வேண்டிய அப்பயிர் திண்டுக்கல் சமவெளிக்கு ஏற்றதன்று. ஆகவே இச்சமவெளியின் தானியத்துக்கு வேண்டிய பை, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக வெளியிலிருந்தே வருகிறது.

4. அங்குலத்திலிருந்து சென்டிமீட்டருக்கு

ஆலைச் சாக்குகளில் தானியத்துக்கென நிலைத்த வகை பி-ட்வில் எனப்பட்டது. ட்வில் என்பது சாய்வரி நெசவு. பாவு இழைகள் இரட்டையாகச் செல்ல, ஊடை அவற்றினூடே ஒழுங்காகத் தள்ளித்தள்ளிப் புகுவதால் துணியின் மேல் சாய்ந்த வரிகள் தோன்றும். நடுவே மூன்று நீலக்கோடுகள் நெய்யப்பட்டிருக்கும். இச்சாக்கின் வணிக அளவு 44 அங்குல நீளம், இருபத்தாறரை அங்குல அகலம், இரண்டேகால் பவுண்டு எடை.

இந்தியா பதின்மான முறைக்கு மாறியபின் இச்சாக்குக்கு வகுக்கப்பட்ட இந்தியத் தரவரையறை எண் 2566. அதில் நீளம் 112 சென்டிமீட்டர், அகலம் 67.5 சென்டிமீட்டர், எடை 1,020 கிராம். இவ்வெண்கள் ஏன் இப்படி அமைந்தன என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். 44 அங்குலம் என்பது 111.8 சென்டிமீட்டர். இருபத்தாறரை அங்குலம் 67.3 சென்டிமீட்டர். இரண்டேகால் பவுண்டு 1,020.6 கிராம். அளவையின் பெயர் மாறியதே தவிரச் சாக்கு மாறவில்லை. காலனிய ஏற்றுமதிச் சந்தைக்கு வகுத்த பையே விடுதலை பெற்ற நாட்டின் உணவுக் கிடங்குகளுக்கும் வந்து சேர்ந்தது.

அக்கிடங்குகளின் வரலாற்றில் தமிழகத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. இந்திய உணவுக் கழகம் 1965 சனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. கொள்முதலும் பகிர்வும் அரசின் கைக்கு வந்ததும், சாக்கு அரசின் கொள்முதல் பொருளாகவும் கணக்கில் நிற்கும் பொருளாகவும் மாறியது. 1980களில் நெகிழிச் சாக்கு பரவத் தொடங்கியபோது, உணவுதானியம் முதலியவற்றைச் சணல் சாக்கில்தான் நிரப்ப வேண்டும் என்னும் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. அரசின் தானியம் இன்றும் பெரிதும் சணல் சாக்கில் வருவதற்கு இச்சட்டமே காரணம்.

5. சுமை குறைந்தது, துணி மெலிந்தது

பி-ட்வில் சாக்கில் 95 முதல் 100 கிலோ வரை தானியம் நிரப்பப்பட்டது. அதைத் தோளில் ஏற்றி, பலகையில் நடந்து, உயர்ந்த அட்டியின் மேல் அடுக்கியவர் சுமைப்பணியாளர். 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்பட்டால் அதைக் குறைக்க முயல வேண்டும் என்றது. நம் நாட்டிலும் நூறு கிலோச் சாக்கு பின்னர்ப் படிப்படியாக விலகி, 50 கிலோச் சாக்கு வந்தது. இந்தியத் தரவரையறை 12650 இதற்கு 94 சென்டிமீட்டர் நீளமும் 57 சென்டிமீட்டர் அகலமும் 665 கிராம் எடையும் வகுத்தது. 2014இல் வந்த தரவரையறை 16186 அதே நீள அகலத்தில் எடையை மட்டும் 580 கிராமாகக் குறைத்தது.

இம்மூன்று சாக்குகளையும் ஒப்பிட்டால் ஒரு வரலாறு வெளிப்படுகிறது. நூறு கிலோவுக்கு 1,020 கிராம் சாக்கு என்றால், ஒரு கிலோ தானியத்துக்கு ஏறக்குறைய 10 கிராம் சணல் செலவாகிறது. 50 கிலோவுக்கு 665 கிராம் என்றால் 13 கிராமுக்குச் சற்று மேல். சிறிய பையில் அடக்கத்தைவிடப் பரப்பு மிகுதி என்பதால் இது தவிர்க்க இயலாதது. தொழிலாளியின் தோளில் பாதிச் சுமை இறங்கியபோது, அதற்கான விலையாகச் சணல் கூடுதலாகத் தேவைப்பட்டது. 580 கிராமாகக் குறைத்தபின் அச்செலவு 11.6 கிராமுக்கு இறங்கியது.

ஆனால் நீள அகலம் மாறாமல் எடை மட்டும் குறைந்தால் துணி மெலிகிறது என்பதே பொருள். மடிப்பையும் தையலையும் விட்டுவிட்டு, சாக்கின் இரு பக்கப் பரப்பைக்கொண்டு கணக்கிட்டால், பழைய பி-ட்வில் சாக்கில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 675 கிராம் துணி இருந்தது. 665 கிராம் சாக்கில் அது 620 கிராமாகவும், 580 கிராம் சாக்கில் 540 கிராமாகவும் இறங்கியது. பழைய சாக்கைவிட இன்றைய சாக்கின் துணி ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது. புதிய சாக்கு குறைந்த சுமையையே தாங்க வேண்டும் என்பதால் முதல் பயணத்தில் இதனால் பெரிய கேடில்லை. இரண்டாம், மூன்றாம் வாழ்வில்தான் வேறுபாடு தெரியும். அரசுக் கிடங்கிலிருந்து ஒருமுறை பயன்பட்ட சாக்காக வெளியேறி, மானாவாரிப் பகுதியின் நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் பயன்படும்போது, கொக்கி பட்ட இடத்தில் இழை விலகி, ஓட்டை பெருகுகிறது. குஜிலியம்பாறை போன்ற ஊர்களின் தானியம் இத்தகைய இரண்டாம் வாழ்வுச் சாக்குகளையே நம்பியிருப்பதால், ஆலையில் குறைக்கப்பட்ட 85 கிராமின் விளைவு இங்கும் வந்து சேர்கிறது.

அந்த 85 கிராம் தராசிலும் தோன்றுகிறது. தமிழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு சாக்குக்கு 40 கிலோ நெல் நிரப்பப்படுகிறது. தராசு காட்ட வேண்டிய எடை, நெல்லும் சாக்கும் சேர்ந்தது. சாக்கு 580 கிராம் என்றால் தராசில் 40 கிலோ 580 கிராம் நின்றால் போதும். பழைய 665 கிராமையே கழிவாகக்கொண்டு 40 கிலோ 665 கிராம் வரும்வரை நிரப்பினால், ஒவ்வொரு சாக்கிலும் 85 கிராம் நெல் விலையின்றிப் போகும். நூறு சாக்கு கொண்டுவரும் உழவருக்கு இழப்பு எட்டரைக் கிலோ. பழைய எடையில் செய்யப்பட்ட சாக்கில் புதிய கழிவைப் பயன்படுத்தினால் அதே எட்டரைக் கிலோ கொள்முதல் செய்பவருக்குக் குறையும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. சணல் நார் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. தரவரையறை சொல்லும் எடை, நார் தன் உலர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீரைக் கொண்டிருப்பதாகக்கொண்டு கணக்கிடப்படுவது. வறண்ட கோடைக்காற்றில் அந்நீர் பாதியாகக் குறைந்தால், 580 கிராம் சாக்கின் உண்மை எடை ஏறக்குறைய 50 கிராம் குறைந்துவிடும். மழைநாளில் நனைந்த சாக்கோ அச்சிட்ட எடையைக் கடந்துவிடும். ஆகவே சாக்கின் எடை குறித்த தகராறில் தீர்வுக்கு எளிய வழி, அன்றைய நாளில் அங்குள்ள வெற்றுச் சாக்குகளில் பத்தையேனும் ஒன்றாகத் தராசில் வைத்து, சராசரி எடையைக் காண்பதே. ஒற்றைச் சாக்கைக்கொண்டு முடிவு செய்தால், மேலொட்டிய மண்ணும் ஒட்டுத்தையலும் கணக்கைத் திரித்துவிடும்.

6. முத்திரை யாருடைய பொறுப்பைச் சொல்கிறது?

சாக்கின் மேல் இடப்படும் அச்சு, எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மையை ஒற்றுவதால் உண்டாவது. துணியின் சொரசொரப்பு இந்த அச்சின் வடிவத்தையே தீர்மானித்தது. சாய்வரி நெசவில் மேடும் பள்ளமும் மாறிமாறி வருவதால் மை மேடுகளிலேயே படியும். மெல்லிய கோடுகள் இடையிடையே அறுந்துபோகும். மை நீர்த்திருந்தால் இழைவழியே கசிந்து எழுத்து ஊறிப்போகும். ஆகவே கெட்டியான மையைத் தடித்த தூரிகையால் தேய்க்காமல் குத்திக்குத்தி ஒற்ற வேண்டும். வட்டம் கொண்ட எழுத்துகளில் நடுப்பகுதி உதிராமல் இருக்கத் தகட்டில் சிறு இணைப்புகள் விடப்படும். அவை அச்சில் வெற்றிடைவெளிகளாகத் தெரியும். தடித்த எழுத்து, பெரிய எண், எளிய உருவம் என்னும் சாக்கு முத்திரையின் அழகியல் இந்த நெருக்கடியிலிருந்தே பிறந்தது. எழுத்தறியாத சுமைப்பணியாளரும் தூரத்திலிருந்தே இன்ன சரக்கு என்று பிரித்தடுக்க அதுவே உதவியது.

அரசுச் சாக்கில் நிறுவனத்தின் பெயர், கொள்முதல் பருவம் போன்றவை அச்சிடப்படுகின்றன. இம்முத்திரை வாங்குபவரைக் கவர்வதற்காக இடப்பட்டதன்று. சாக்கு யாருடையது, எப்பருவத்தைச் சேர்ந்தது என்று சொல்லிப் பொறுப்பை நிறுவுவது. பழைய பருவத்துச் சாக்கில் புதிய நெல் வந்தால், பழைய இருப்பைப் புதியதெனக் காட்ட முயன்றனரோ என்னும் ஐயம் எழும். நியாயவிலைக் கடையில் அரிசி தீர்ந்தபின்னும் வெற்றுச் சாக்கு கணக்கில் நிற்பதும் இதனால்தான்.

தனியார் அரிசியின் முத்திரையோ நேர்மாறான பாதையில் சென்றது. இன்று ஆலை அரிசி பெரும்பாலும் வண்ண அச்சிட்ட நெகிழிச் சாக்கில் விற்கப்படுகிறது. அதில் முத்திரை வணிகப்பெயராகிவிட்டது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, பதிவு பெற்ற வணிகப்பெயருடன் பையிலிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2022 சூலை 18 முதல் அளவுகோல் பெயரிலிருந்து எடைக்கு மாறியது. முன்னரே பையிலிட்டு விவரச்சீட்டுடன் விற்கப்படும் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு வரி உண்டு, அதற்கு மேற்பட்டால் இல்லை என்றானது. உடனே தமிழகச் சந்தையில் 26 கிலோச் சிப்பம் தோன்றியது. பொதிமாட்டின் முதுகும், ஹூக்ளி ஆலையின் தறியும், தொழிலாளியின் தோளும் முடிவு செய்த பையின் அளவை இப்போது வரிவிதி முடிவு செய்தது.

ஒரு பழைய சணல் சாக்கை ஆய்வாளர் ஆவணமாக வாசிக்கவும் இயலும். ஆலையில் தட்டையாக இருக்கும்போது இட்ட அச்சு, நிரப்பியபின் பருத்த வயிற்றோடு வளைந்து விரியும். நிரப்பியபின் இட்ட அச்சோ, சாக்கு காலியானதும் சுருங்கிக் கோணலாகும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த முத்திரைகளில் எது அடியில் உள்ளதோ அது முந்தியது. குத்தூசி நுழைந்த இடத்தில் இழைகள் விலகி மீண்டும் கூடியிருக்கும். கொக்கி பட்ட இடத்தில் இழை அறுந்திருக்கும். முன்னது சரக்கின் தரம் பார்க்கப்பட்டதன் தடம். பின்னது அது ஏற்றி இறக்கப்பட்டதன் தடம்.

முடிவுரை

கோணி உள்ளூர்க் குளத்தில் ஊறிய நாரால் ஆனது. அளவை முகத்தலாக இருந்ததால் அதன் எடை எவரையும் பாதிக்கவில்லை. எடை அளவையும் இருப்புப்பாதையும் வந்தபின், ஒரே அளவான ஆலைச் சாக்கு அதன் இடத்தைப் பிடித்தது. அன்றிலிருந்து சாக்கின் வெற்றெடை, தானியத்தை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிற்கும் எண்ணாயிற்று. 1,020, 665, 580 என்னும் மூன்று எண்களும் தொலைவில் வகுக்கப்பட்டவை. அவற்றின் விளைவு கொள்முதல் நிலையத்துத் தராசிலும், மானாவாரி ஊரின் கிழிந்த சாக்கிலும் தெரிகிறது.

சாக்கின் எடை குறைந்த ஒவ்வொரு கட்டத்திலும், கழிவு எடையும் அதே நாளில் அதே அளவில் குறைந்ததா என்பது தமிழக வேளாண் வரலாற்றில் இன்னும் ஆராயப்பட வேண்டிய வினா. அதற்கான சான்றுகள் ஆணைகளில் மட்டும் இல்லை. உழவர் பெற்ற எடைச்சீட்டுகளிலும், அவர்தம் வீட்டுப் பரணில் மடித்து வைக்கப்பட்டுள்ள பழைய சாக்குகளிலும் உள்ளன. அச்சீட்டில் உள்ள எடையை அச்சாக்கின் எடையோடு பொருத்திப் பார்ப்பதே அவ்வாய்வின் முதற்படியாகும்.